தந்தையைக் கணவராக்கிய சாய்கோடு

மதிப்பிற்குரிய மாநகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

தங்கள் பணிச்சுமை நான் அறியாததல்ல. குடிநீர், குப்பை, மழைநீர் வடிகால், தெருநாய் என்று நாள்தோறும் தங்கள் மேசைக்கு வந்து சேரும் முறையீடுகளுக்கு நடுவே, ஒரு விண்ணப்பப் படிவத்தின் மூன்றாவது வரியைப் பற்றி மடல் எழுதும் ஆளைத் தாங்கள் வேலையற்ற ஆள் என்று எண்ணினால் அதில் குற்றமில்லை. பணி ஓய்வு பெற்றுவிட்டதால் உண்மையிலேயே எனக்கு வேலை இல்லை. அச்சகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துவதே வாழ்நாள் முழுக்க என் தொழிலாக இருந்தது. ஒரு படிவம் கைக்கு வந்தால் மற்றவர்களுக்கு அதை நிரப்பத் தோன்றும். எனக்குச் சிவப்பு மை தேடத் தோன்றும். அந்தப் பழக்கதோஷத்தைப் பொறுத்தருள வேண்டுகிறேன்.

தங்கள் அலுவலகத்திலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு சுற்றறிக்கை வெளியானதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மாநகராட்சியின் எல்லாப் படிவங்களும் அறிவிப்புகளும் மறுபார்வைக்கு உட்படுத்தப்படும், ஒருவரின் பாலினம், மணநிலை, வயது ஆகியவற்றைத் தானாக ஊகித்துக்கொள்ளும் சொற்கள் களையப்படும், மூன்று மாதங்களில் பணி முடியும் என்று அதில் கண்டிருந்தது. நல்ல தமிழில், பிழையில்லாமல் எழுதப்பட்ட சுற்றறிக்கை அது. தொழில்முறையில் சொல்கிறேன், ஒற்றுப்பிழைகூட இல்லை. எங்கள் வார்டு கூட்டத்தில் அதைப் படித்துக் காட்டியபோது கைதட்டியவர்களில் நானும் உண்டு. மூன்று மாதம் கழிந்தது. அரசு அலுவலகத்தில் மூன்று மாதம் என்றால் ஆறு மாதம் என்பது நமக்குத் தெரியாததா, காத்திருந்தோம். ஆறு மாதம் ஓராண்டானது. பிறகு புதிய படிவங்கள் வந்தே விட்டன. தங்கள் வாக்கு பொய்க்கவில்லை என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

சொத்துவரிப் பெயர் மாற்ற விண்ணப்பத்தின் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்துப் படித்தேன். பழையதில் ‘பாலினம்: ஆண் / பெண்’ என்று இருந்தது, புதியதில் ‘ஆண் / பெண் / மூன்றாம் பாலினம்’ என்று இருக்கிறது. அதற்கு மேல் இருக்கும் வரி பழையபடியே ‘திரு / திருமதி / செல்வி’. அதற்குக் கீழே இருக்கும் வரி பழையபடியே ‘தந்தை / கணவர் பெயர்’. கடைசியில் வரும் உறுதிமொழி பழையபடியே ‘மேற்படி ................ என்பவரின் மகன் / மனைவி / மகளாகிய நான்’ என்று தொடங்குகிறது. அதாவது, ஒரு திருநங்கை புதிய வட்டத்தை நிரப்பி மனம் மகிழலாம். அந்த மகிழ்ச்சி அடுத்த வரிக்குப் போகும்வரை நீடிக்கும். அந்த வட்டத்தை நிரப்பினால் மாவட்ட ஆட்சியரின் அடையாளச் சான்றை இணைக்க வேண்டும் என்று அடிக்குறிப்பு வேறு புதிதாக முளைத்திருக்கிறது. ஆண் என்பதற்கோ பெண் என்பதற்கோ யாரிடமும் சான்று கேட்கவில்லை.

ஒரு வீட்டின் வரியைக் கணக்கிடப் பரப்பளவு வேண்டும், தெரு வேண்டும், கட்டடத்தின் வகையும் பயன்பாடும் வேண்டும். உரிமையாளர் ஆணா பெண்ணா என்பது எந்த வாய்ப்பாட்டில் நுழைகிறது? பதிவுத்துறையில் கேட்டால் காரணம் இருக்கிறது: பத்து லட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு விழுக்காடு சலுகை. அங்கே அந்த விடை ஒரு தொகையை மாற்றுகிறது. தங்கள் படிவத்தில் அது எதையும் மாற்றவில்லை, ஓர் ஊழியரின் ஊகத்தைத் தவிர. அந்த ஊகம் என்ன செய்யும் என்பதை எங்கள் எதிர்வீட்டு டீச்சர் அனுபவித்துவிட்டார்.

டீச்சருக்கு அறுபத்தொரு வயது. திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா காலமானபின் அம்மா பெயரில் இருந்த வீட்டின் வரி விதிப்பைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தார். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பத்திர நகல், கடைசியாக வரி கட்டிய ரசீது எல்லாம் ஒழுங்காக இணைத்திருந்தார். ‘தந்தை / கணவர் பெயர்’ என்ற இடத்தில் தன் அப்பாவின் பெயரை எழுதினார். வேறு யார் பெயரை எழுதுவார்? சில வாரங்களில் புதிய ரசீது வந்தது. அதில் டீச்சர் ‘திருமதி’ ஆகியிருந்தார். பெயருக்கு அடுத்து ‘க/பெ’ என்று அச்சாகி, அதன்பின் அவருடைய அப்பாவின் பெயர் இருந்தது. மகளாக விண்ணப்பித்தவரை மாநகராட்சி அவருடைய தகப்பனாருக்கே மனைவியாக்கி, முத்திரையும் வைத்து அனுப்பியிருந்தது.

யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை என்றே நம்புகிறேன்; நடந்தது எப்படி என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். தாளில் இருப்பது ஒரே கட்டம், நடுவில் ஒரு சாய்கோடு. கணினித் திரையில் இருப்பதோ இரண்டு கட்டங்கள்: ஒன்றில் பெயரைத் தட்டச்சு செய்ய வேண்டும், மற்றொன்றில் உறவு த/பெ-யா க/பெ-யா என்று தேர்ந்தெடுக்க வேண்டும், தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. தாள் கேட்காத கேள்விக்குத் திரை விடை கேட்கிறது. தட்டச்சு செய்யும் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எத்தனையோ விண்ணப்பங்கள். பாலினம் பெண், வயது அறுபத்தொன்று என்று பார்த்தார், க/பெ என்று அழுத்தினார். ‘செல்வி’யைச் சுற்றி டீச்சர் போட்டிருந்த வட்டத்தைக் கைதவறிப் போட்டது என்று எண்ணி ‘திருமதி’ ஆக்கினார். பாலினமும் வயதும் சேர்ந்து மணநிலையைத் தீர்மானித்தன. எந்த மூன்றையும் ஊகிக்க மாட்டோம் என்று தங்கள் சுற்றறிக்கை உறுதி கூறியதோ, அந்த மூன்றும் ஒரே சொடுக்கில்.

திருத்தம் கேட்டுப் போனபோது நடந்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. திருமணமாகாதவர் என்று வட்டாட்சியரிடம் சான்று வாங்கி வந்தால் ‘க/பெ’யை நீக்கலாம் என்றார்கள். தவறு செய்தது அலுவலகம். சான்று கொண்டுவர வேண்டியது டீச்சர். அவர் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தார். கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வந்தார். அறுபத்தொரு வயதுப் பெண்மணி ஒருவருக்குக் கல்யாணம் ஆகவில்லை என்று அக்கம்பக்கத்தாரைக் கேட்டு எழுதி வாங்கினார். நானும் கையெழுத்துப் போட்டேன். நாற்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டு வரி கட்ட வந்தவருக்கு இது எதற்கு, ஐயா?

தங்கள் வரிவிதிப்புப் பிரிவு இதற்குச் சொல்லும் விளக்கத்தை நான் அறிவேன். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, ஒரே பெயரில் ஒரே தெருவில் இரண்டு பேர் இருப்பார்கள், அப்பா பெயரோ கணவர் பெயரோ இருந்தால்தான் பிரித்தறிய முடியும் என்பார்கள். நியாயமான பேச்சு. நமக்குத் தலைப்பெழுத்துத்தான் குடும்பப் பெயர். அப்படியானால் கேட்க வேண்டியதும் அதையே: ‘தலைப்பெழுத்தின் விரிவு’ என்று ஒரு கட்டம் போதும். அது அப்பாவாக இருக்கட்டும், அம்மாவாக இருக்கட்டும், ஊராகவே இருக்கட்டும். எழுதுகிறவர் எழுதிவிட்டுப் போகிறார். தவிர, கதவு எண்ணும் வரிவிதிப்பு எண்ணும் இருக்கும்போது ஒரே பெயர்க் குழப்பம் எங்கிருந்து வரும்? அந்த எண் ஒரு வீட்டுக்கு ஒன்றுதானே?

உறவினர் பெயர் கட்டாயம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் வழி கண்டவர்கள் இருக்கிறார்கள். தேர்தல் ஆணையத்தின் படிவம் 6-ஐத் தருவித்துப் பாருங்கள். தந்தை, தாய், கணவர், மனைவி இவர்களில் யாரேனும் ஒருவர் பெயரைத் தரலாம். ஆதரவற்றவர் சட்டப்படியான பாதுகாவலரின் பெயரைத் தரலாம். திருநர் தம் குருவின் பெயரைத் தரலாம். என்ன உறவு என்பதை விண்ணப்பிப்பவரே குறிக்கிறார், தட்டச்சு செய்பவர் அல்ல. கடவுச்சீட்டு விதிகளை 2016 டிசம்பரில் தளர்த்தியபோது பெற்றோரில் ஒருவர் பெயர் போதும் என்றார்கள். மணமானவரிடம் திருமணச் சான்று கேட்பதை விட்டார்கள். மணமுறிவு பெற்றவரும் பிரிந்து வாழ்பவரும் துணைவர் பெயரை எழுத வேண்டியதில்லை என்றார்கள். தாய் மட்டுமே பெற்றோராக இருக்கும் ஒருவர் தந்தை பெயரில்லாமல் பான் அட்டை பெறலாம் என்று 2018 டிசம்பரில் வருமானவரித் துறை இறங்கி வந்தது. ஒரு நாட்டின் எல்லையைக் கடக்கக் கணவர் பெயர் வேண்டாம். எங்கள் தெருவில் வீட்டு வரி கட்ட வேண்டும்.

இதையெல்லாம் எழுதி, தங்கள் மறுபார்வையில் எந்தெந்தப் படிவங்களை எப்படிச் சோதித்தார்கள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டிக் கேட்டேன். முப்பது நாளுக்குள் பதில் வந்தது. இந்தக் காலந்தவறாமைக்கு நன்றி. படிவங்களின் கோப்புகள் யாவற்றையும் கணினியில் இட்டு, ‘கணவர்’, ‘மனைவி’ முதலிய சொற்களைத் தேடியதாகவும், பெரும்பாலான கோப்புகளில் அத்தகைய சொல் எதுவும் தென்படவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். எனக்கு ஒரே வியப்பு. கையில் இருக்கும் தாளில் கொட்டை எழுத்தில் ‘கணவர்’ என்று இருக்கிறது; கோப்பில் இல்லையாம். நேரில் போய், கோப்பைத் திறந்து காட்டச் சொன்னேன். திறந்ததும் விளங்கிவிட்டது. அது வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு. அந்த எழுத்துருவில் கணினிக்குள் பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறியீடுகளும். எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் பூட்டிக் காட்டுகிறது. ஒருங்குறியில் ‘கணவர்’ என்று தட்டித் தேடினால் நூறு கணவர்கள் இருந்தாலும் கணினி ஒருவரையும் காணாது. இன்னும் சில கோப்புகள் தாளைப் படமெடுத்து வைத்தவை. படத்துக்குள் சொல் தேடுவது எப்படி? அரசு அலுவலகங்களுக்கு ஒருங்குறி தரம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது 2010-இல். தங்கள் கோப்புகளுக்குச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும். ‘தென்படவில்லை’ என்ற சொல்லை நான் குறை சொல்லவில்லை, உண்மையில் தென்படவில்லைதான்.

ஒருங்குறிக்கு மாற்றிவிட்டுத் தேடினாலும் சொல்தேடல் பாதிக் கிணறுதான் தாண்டும். தங்கள் அறிவிப்புகளைப் பாருங்கள். வரி பாக்கி அறிவிப்பைச் சார்வு செய்யும் படிவத்தில், உரிமையாளர் வீட்டில் இல்லையென்றால் ‘குடும்பத்தின் வயதுவந்த ஆண் உறுப்பினரிடம் வழங்கி ஒப்பம் பெற வேண்டும்’ என்று இன்றும் அச்சிட்டிருக்கிறது. அதில் ‘கணவர்’ இல்லை, ‘மனைவி’ இல்லை. எந்தத் தேடலிலும் சிக்காது. இந்த வாசகம் யார் வீட்டுப் பழக்கம் என்பதும் எனக்குத் தெரியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் அழைப்பாணையை ஆண் உறுப்பினரிடம்தான் கொடுக்கலாம் என்று இருந்தது. 1976-இல் ஆணோ பெண்ணோ வயதுவந்த எவரிடமும் கொடுக்கலாம் என்று திருத்தினார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் மட்டும் ‘ஆண்’ என்பதை இன்னும் நெடுங்காலம் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் அதுவும் போய்விட்டது. நீதிமன்றத்தின் அழைப்பாணையை ஒரு பெண் வாங்கலாம். தங்கள் மாநகராட்சியின் குப்பை வரி அறிவிப்பை வாங்கத்தான் அவருக்குத் தகுதியில்லை. விளைவு என்ன தெரியுமா? எங்கள் தெருவில் பெண்கள் மட்டும் வாழும் வீடுகளில் அறிவிப்பைக் கதவில் ஒட்டிவிட்டுப் போகிறார்கள். உள்ளே ஆள் இருக்கும்போதே, ‘ஆள் இல்லை’ என்று குறிப்பெழுதி.

சொத்து உரிமையாளர் சிறார் என்றால் ‘காப்பாளர் (தந்தை) கையொப்பம்’ என்று பெயர் மாற்ற விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கும் அந்தத் தந்தையை எழுப்ப 1999-ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று உதவும். மைனர் மகன் பெயரில் கடன்பத்திரம் வாங்கத் தாய் போட்ட கையெழுத்தை ரிசர்வ் வங்கி ஏற்க மறுத்தது. அந்தத் தாய், எழுத்தாளர் கீதா ஹரிஹரன், உச்சநீதிமன்றத்துக்குப் போனார். தந்தை உயிரோடு இருக்கும்போதும் தாய் இயல்பான காப்பாளராகச் செயல்பட இடமுண்டு என்று நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கின் தொடக்கமும் ஒரு விண்ணப்பப் படிவம்தான்.

வயதைப் பற்றிய வரி அறிவிப்புப் பலகையில் இருக்கிறது: ‘எழுபது வயதுக்கு மேற்பட்டோர் தம் மகன் அல்லது வாரிசுதாரருடன் நேரில் வரவும்’. முதியோர் மீதுள்ள பரிவால் எழுதியது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் எழுபதைத் தாண்டியவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்பதும், மகன் ஒருவன் கட்டாயம் இருப்பான் என்பதும், அவன் உள்ளூரிலேயே இருப்பான் என்பதும் அந்த ஒரே வரிக்குள் அடங்கியிருக்கின்றன. இன்னொன்று, அந்த எழுபதை எதை வைத்துக் கணக்கிடுகிறார்கள் என்று பார்த்தால் ஆதாரை வைத்து. பிறந்த தேதி தெரியாமல் ஆண்டை மட்டும் சொன்ன முதியவர்கள் ஏராளமானோரின் ஆதாரில் ஜனவரி முதல் தேதி இருக்கிறது. ஆதார் அடையாளத்துக்கான சான்று, வயதுக்கான சான்று அல்ல என்று அதை வழங்கும் ஆணையமே 2023-இல் சுற்றறிக்கை விட்டது. 2024 அக்டோபரில் உச்சநீதிமன்றமும் அதை எடுத்துக்காட்டியது. யாருக்கு எழுபது, யாருக்கு அறுபத்தொன்பது என்பதே உறுதியில்லை. அதற்குள் துணைக்கு ஆள் தேடச் சொல்கிறோம். ‘உதவி தேவைப்படுவோர் ஒருவரை உடன் அழைத்து வரலாம்’ என்று எழுதியிருந்தால் அந்தப் பரிவு அத்தனையும் மிஞ்சியிருக்கும். எழுபதும் வேண்டாம், மகனும் வேண்டாம்.

எல்லாக் கேள்விகளையும் நீக்கிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. கைம்பெண் ஓய்வூதியம் கேட்பவரிடம் கணவர் இறந்தாரா என்று கேட்கத்தான் வேண்டும். முதியோர் ஓய்வூதியத்துக்கு அறுபது நிறைந்ததா என்று பார்க்கத்தான் வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விதிமுறை எழுதியபோது, குடும்பத் தலைவி என்றால் மனைவி மட்டும்தான் என்று விட்டுவிடாமல், குடும்பத்துக்குத் தலைமை வகிக்கும் மணமாகாத தனித்த பெண்கள், கைம்பெண்கள், திருநங்கைகள் ஆகியோரையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். அங்கே மணநிலையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். அதனால் யாரும் விடுபடாதபடி பேசினார்கள். பேச வேண்டாத இடத்தில் பேசாதிருப்பதும், பேச வேண்டிய இடத்தில் முழுதாகப் பேசுவதும் ஒரே கைப்பக்குவம்தான். ஒவ்வொரு கட்டத்துக்கும் எதிரே, இந்த விடையை வைத்து எந்த அலுவலர் என்ன முடிவெடுக்கிறார் என்று பென்சிலால் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுத முடியாத கட்டத்தை அடித்துவிடலாம்.

மீந்திருப்பவற்றுக்கு நாங்கள் அச்சகத்தில் செய்யும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். புதிய படிவத்தை அச்சேற்றும் முன் நாங்களே அதை நிரப்பிப் பார்ப்போம். தாங்களும் ஒரு பிற்பகல், ஐந்தாறு ஊழியர்களை உட்கார வைத்து, ஆளுக்கொரு கற்பனை விண்ணப்பதாரரைக் கொடுங்கள். அறுபதைத் தாண்டிய மணமாகாத பெண் ஒருவர். மனைவியை இழந்தவர் ஒருவர். மணமுறிவு ஆணை இல்லாமல் பத்தாண்டுகளாகப் பிரிந்து வாழ்பவர் ஒருவர். பெற்றோரை இழந்து, தம்பி தங்கையோடு இருக்கும் பத்தொன்பது வயதுக்காரர் ஒருவர். ஒரு திருநம்பி. பிறந்த தேதி தெரியாத எண்பது வயதுப் பாட்டி. ஒவ்வொருவராகத் தாளை நிரப்பட்டும். எங்கே பேனா தயங்குகிறதோ அங்கே கோடு போடட்டும். பிறகு அதே விண்ணப்பங்களைத் திரையில் ஏற்றி, ரசீதும் குறுஞ்செய்தியும் அறிவிப்பும் எப்படி அச்சாகி வருகின்றன என்று கடைசிவரை தொடரட்டும். இது முக்கியம். தாளைத் திருத்திவிட்டுத் திரையைத் திருத்தாமல் விட்டதால்தான் தங்கள் மறுபார்வை ஒரு வட்டத்தோடு நின்றுபோனது. தாள் தங்கள் அச்சுப் பிரிவுக்குச் சொந்தம், திரை ஒப்பந்த நிறுவனத்துக்குச் சொந்தம், சார்வுப் படிவம் வருவாய்ப் பிரிவுக்குச் சொந்தம் என்றார்கள். மூன்றும் தங்களுக்குச் சொந்தம் என்று நாங்கள் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தோம்.

தங்கள் நல்லெண்ணத்தை ஒருநாளும் நான் ஐயுற்றதில்லை. ஐயுற்றிருந்தால் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டேன்; நேரே நீதிமன்றத்துக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பேன். எங்கள் தெருக்காரர்கள் என்னளவு பொறுமைசாலிகள் அல்லர் என்பதையும் மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன். அடுத்த வார்டு கூட்டத்துக்கு ஆளுக்கொரு ரசீதோடு வருவதாக இருக்கிறார்கள்.

அக்டோபர் அரையாண்டுக்கான கேட்பு அறிவிப்புகள் விரைவில் அச்சுக்குப் போகும். அதற்கு முன் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். உறவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அந்தக் கட்டத்தைத் திரையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள், அல்லது தாளில் விண்ணப்பதாரரே அதை நிரப்பும்படி செய்யுங்கள். சார்வுப் படிவத்திலிருந்து ‘ஆண்’ என்பதை அடித்துவிடுங்கள். டீச்சரின் வட்டாட்சியர் சான்று தங்கள் வரிவிதிப்புப் பிரிவில் ஏழு வாரங்களாக இருக்கிறது. அதை யாராவது ஒருவர் பிரித்துப் படிக்க ஆணையிடுங்கள். அச்சுக்குப் போகும் தாளின் மெய்ப்பைப் பார்க்க ஆள் இல்லையென்றால் சொல்லி அனுப்புங்கள். சம்பளம் வேண்டாம், வருகிறேன்.

இப்படிக்கு,
இதுவரை வரி பாக்கி வைக்காத
தங்கள் குடிமக்களில் ஒருவர்